தூங்கும் அளவுக்கு மட்டும் படுங்கள்

அன்பர்களே, வாசலில் உங்கள் கையில் ஓர் அச்சிட்ட தாளைக் கொடுத்திருப்பார்கள். மாலையில் காபி வேண்டாம், படுக்கையில் செல்பேசி வேண்டாம் என்று அதில் பத்து விதிகள் இருக்கின்றன. பல ஆண்டுகளாகத் தூக்கமின்றித் தவிப்பவர்களுக்கு இவை மனப்பாடம். இவற்றை மட்டும் கடைப்பிடித்துக் குணமானவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் ஆறாவது விதியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: "தூங்கும் அளவுக்கு மட்டும் படுங்கள்."

என்னிடம் வந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரைச் சொல்கிறேன். வயது 61. நான்கு ஆண்டுகளாகத் தூக்கத்துக்காக இரவில் அரை மில்லிகிராம் அல்பிரசோலம் மாத்திரை. இரவு 9 மணிக்கே படுத்துவிடுவார். காலை 6 மணிக்கு எழுவார். "சீக்கிரம் படுத்தால்தானே ஐயா, கொஞ்சமாவது தூக்கம் கிடைக்கும்?" என்று கேட்டார். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னேன். இரவில் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. காலையில் எழுந்ததும் உத்தேசமாக எழுதினால் போதும். ஒன்பது மணி நேரம் கட்டிலில் இருந்தவர், சராசரியாகத் தூங்கியது ஐந்தரை மணி நேரம். மீதி மூன்றரை மணி நேரம் புரண்டுகொண்டு இருந்திருக்கிறார்.

ஒரு கரண்டி மாவைப் பெரிய கல் முழுக்க இழுத்தால் தோசை நெடுக ஓட்டை விழும். அவருடைய தூக்கமும் அப்படித்தான் ஆகியிருந்தது. அதைவிட மோசமான ஒன்றும் நடந்திருந்தது. இரவுதோறும் விழித்துக் கிடந்து கிடந்து, கட்டில் என்றாலே விழிப்பு என்று உடம்பு பழகிவிட்டது. கூடத்து நாற்காலியில் டிவி முன்னால் கண் சொக்குகிறது, கட்டிலுக்குப் போனதும் தெளிந்துவிடுகிறது என்பார்களே, அது இந்தப் பழக்கத்தின் அடையாளம்.

எனவே மாவுக்கு ஏற்ற கல்லைக் கொடுத்தோம். இரவு 12 மணிக்குப் படுக்க வேண்டும், காலை 5.30க்கு எழ வேண்டும். இரவு எப்படிப் போனாலும் எழும் நேரம் மாறக் கூடாது. பகல் தூக்கம் இல்லை. படுத்துக் கால் மணி நேரம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து கூடத்துக்குப் போக வேண்டும். அவர் சீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டு இருந்தார். கண் சொக்கிய பிறகுதான் மறுபடி கட்டில்.

முதல் வாரம் கடினம். ஒளிக்க மாட்டேன். பகலில் தலை கனத்தது, சிடுசிடுப்பு வந்தது. அந்த நாட்களில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். இரண்டாவது வாரம் ஐந்தரை மணி நேரத்தில் ஐந்து மணி நேரம் தூங்கினார், அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு. 85க்கு மேல் வந்தால் படுக்கும் நேரத்தைக் கால் மணி நேரம் முன்னே தள்ளலாம். 80க்குக் கீழே போனால் கால் மணி நேரம் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் கட்டிலில் இருக்கும் நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறக்குவதில்லை. இப்படி ஏறி ஏறி, ஏழாவது வாரத்தில் 11 மணிக்குப் படுத்து ஐந்தே முக்கால் மணி நேரம் தூங்கினார்.

இது வீட்டு வைத்தியம் அல்ல. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் வகுத்துக் கொடுத்த முறை. நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இத்தகைய பயிற்சிச் சிகிச்சையையே தர வேண்டும் என்று 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரியும் பரிந்துரைத்தது. ஆனால் வலிப்பு உள்ளவர்கள், இருதுருவ மனநோய் உள்ளவர்கள் மருத்துவர் துணையின்றி இதில் இறங்கக் கூடாது; தூக்கம் குறைந்தால் அந்த நோய்கள் கிளம்பும். பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறுபவர்கள் முதலில் அதற்குப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ஆசிரியரின் மாத்திரையை, தூக்கம் இப்படிச் சீரான பிறகுதான் தொட்டோம். தயவுசெய்து ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். பல ஆண்டு சாப்பிட்டவருக்கு நடுக்கமும் பதற்றமும் வரும், வலிப்புகூட வரலாம். மருத்துவரின் மேற்பார்வையில் இரண்டு வாரத்துக்குக் கால் மாத்திரை வீதம் குறைத்தோம். ஒவ்வொரு முறை குறைத்தபோதும் சில இரவுகள் கெட்டன. "பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமல் எனக்குத் தூக்கமே கிடையாது" என்றார். பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில்தான். அந்த இரவுகளில் விழித்திருக்கச் செய்வது, மருந்து விலகும்போது உடம்பு காட்டும் எதிர்ப்பு. அதே அளவில் நின்றால் நாளடைவில் அடங்கும். பதறி மறுபடி ஏற்றிக்கொண்டால் அடங்குகிறதா என்று தெரிந்துகொள்ளவே முடியாது. கடைசிக் கால் மாத்திரைக்கு மட்டும் அவருக்கு ஐந்து வாரம் பிடித்தது, அவசரப்படுத்தவில்லை.

மறு ஆண்டு அவருடைய தமையனார் இறந்தபோது தூக்கம் மீண்டும் கெட்டது. மாத்திரைச் சீட்டு கேட்டு வரவில்லை. பழைய நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். மீண்டும் 12 முதல் 5.30 வரை என்று குறித்துக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் பழைய நேரத்துக்குத் திரும்பிவிட்டார்.