நிலைப்படியை அறுக்காமல் ஒரு சாய்தளம்

நேயர்களுக்கு வணக்கம். தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு அதன் உயர்ந்த நிலைப்படிகளும் கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையும் நினைவிருக்கும். அளவில் சிறியதானாலும் அதே மரபில் கட்டப்பட்ட பழைய வீடுகள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பல உள்ளன. அவற்றுள் ஒன்றைப் பொது நூலகமாக்குவதாகவும், சக்கர நாற்காலியில் வருபவரும் தலைவாசல் வழியாகவே உள்ளே வரவேண்டும் என்று முடிவு செய்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பின்வாசலில் வழி அமைப்பது எளிதுதான். ஆனால் அந்தக் கதவு பூட்டியே கிடக்கும். சாவிக்காக ஒருவர் காத்திருக்க நேரும். ஆகவே அதை நான் பரிந்துரைப்பதில்லை.

அந்த வீட்டின் முற்றத்திலிருந்து தாழ்வாரத்துக்கு ஏற இரண்டு கருங்கல் படிகள். இரண்டும் சேர்ந்து 30 செ.மீ. உயரம். தாழ்வாரத்தைக் கடந்தால் தலைவாசலில் 12 செ.மீ. உயரமுள்ள மர நிலைப்படி. இந்த இடத்தில் வழக்கமாக இரண்டு தவறுகள் நடக்கின்றன. கற்படிகளின் மேல் சிமெண்டைக் கொட்டிச் சரிவு அமைப்பது முதல் தவறு. சிமெண்ட் கல்லோடு ஒட்டிக்கொள்வதால், பின்னாளில் அதைப் பெயர்க்கும்போது படியின் விளிம்பும் சேர்ந்து உடைகிறது. அதற்குள் தேங்கும் ஈரமோ சுவரில் ஏறி, உப்பாகப் பூக்கிறது. நிலைப்படியை வாளால் அறுத்துத் தரையோடு சமமாக்குவது இரண்டாவது தவறு; இதுவே பெரிய தவறும் கூட. நிலையின் இரு கால்களும் கீழே அந்த நிலைப்படிக் கட்டையில் துளையிட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். அதை அறுத்துவிட்டால் கால்களைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லாமல் போகும். சில ஆண்டுகளில் நிலை விலகும், கதவு சாத்த வராது.

எனவே கற்படிகளையும் நிலைப்படியையும் சிதைக்காமல் மேலே ஏறவேண்டும். தாழ்வாரம் 2 மீட்டர் அகலமே உள்ளது. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது சாய்தளத்துக்கான பொது விதி. அதன்படி நிலைப்படிக்கு மட்டும் 144 செ.மீ. நீளம் தாழ்வாரத்திலேயே போய்விடும். மீதி இடத்தில் நாற்காலியைத் திருப்ப முடியாது. இதற்கு ஒரு வழி உண்டு. வாசலுக்கு முன்னுள்ள தாழ்வாரப் பகுதியின் மேல், நிலைப்படியின் உயரத்துக்கு ஒரு மர மேடையைச் சும்மா தூக்கி வைத்துவிடலாம். அப்போது முற்றத்திலிருந்து ஏறவேண்டிய மொத்த உயரம் 42 செ.மீ.; சாய்தளத்தின் நீளம் ஏறத்தாழ 5 மீட்டர். அதைத் தாழ்வாரத்தின் ஓரமாகவே, முகப்புக்கு இணையாக ஓட்டலாம். படிகளில் பாதி அகலம் மட்டுமே மறையும்; மறுபாதி வழியாக நடந்து வருவோர் ஏறுவர். மேடையின் விளிம்பில் அவர்கள் இடறாதபடி வேறு நிறத்தில் ஒரு பட்டை வேண்டும். வாசலுக்கு உள்ளே கூடம் பெரிது என்பதால், அங்கே 144 செ.மீ. நீளச் சரிவை வைக்க இடம் இருக்கிறது.

இந்த அமைப்பில் ஓர் ஆணியோ போல்ட்டோ கட்டடத்துக்குள் இறங்கக் கூடாது. கைப்பிடி சுவரில் அல்ல, சாய்தளத்தின் சட்டத்திலேயே நிற்கவேண்டும். சட்டம் தன் எடையாலேயே நிலைத்திருக்கும். இருவர் தூக்கக்கூடிய துண்டுகளாகச் செய்து, அவற்றை ஒன்றோடொன்று போல்ட்டுகளால் முடுக்கினால் போதும். கடற்காற்று இரும்பை விரைவில் அரிக்கும். துருக்கறை கருங்கல்லில் ஊறினால் எளிதில் போகாது. எனவே அந்தப் போல்ட்டுகளாவது துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாய்தளத்துக்கும் தாழ்வாரக் கல்லுக்கும் இடையே 2 செ.மீ. இடைவெளி விட்டால் மழைநீர் வடியும், கல் உலரும். சிறுசக்கரம் சிக்காதபடி, மேலே சேரும் இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய தகடு அந்த இடைவெளியை மூடவேண்டும்.

உள்ளே, பளபளப்பான தரையில் கூடுதல் கவனம் தேவை. வழுக்காமல் இருக்கட்டும் என்று சரிவின் அடியில் ரப்பரை ஒட்டுவார்கள்; ரப்பரிலுள்ள எண்ணெய்ப்பசை மெல்லத் தரையில் இறங்கிக் கறையாகிவிடும். ஒட்டுநாடா இன்னும் மோசம். உரிக்கும்போது தரையின் மெருகும் உரிந்து வரும். தடித்த கம்பளித் துணியே போதும். சரிவின் மேற்புறத்தை நிலைப்படியின் உள்முகத்தில் முட்டக் கொடுத்து, அங்கும் துணி வைத்தால் அது நகராது. மின்சார நாற்காலி, ஆளோடு சேர்த்து, 200 கிலோவையும் தாண்டக்கூடும். ஆகவே அடிப்பலகை அகலமாக இருந்து, எடையைப் பரப்பித் தரவேண்டும்.

மாடியை இந்த முறையில் அடைய முடியாது. செங்குத்தான மர ஏணிப்படிக்குப் பதிலாக மின்தூக்கி வைக்க வேண்டுமானால் உத்தரங்களை வெட்டவேண்டியிருக்கும். வெட்டிய உத்தரத்தை எவராலும் திரும்ப ஒட்டமுடியாது. அதனால் வாசிப்புக்கூடமும் புத்தகம் வழங்கும் மேசையும் கீழ்த்தளத்திலேயே அமையட்டும்.

போல்ட்டுகளை இறுக்கும் முன், நாற்காலியைப் பயன்படுத்தும் ஒருவரை ஏறி, திரும்பி, இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர் கை நிற்கிறதோ அந்த இடத்தைத் திருத்துங்கள். சாய்தளத்தை வைப்பதற்கு முன்பே ஒவ்வொரு கல்லையும் படமெடுத்து வையுங்கள். நம் மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையையும் பெறுவது. ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்தபின் துண்டுகளைக் கழற்றி அடியில் பாருங்கள். வெள்ளை உப்புப் பூத்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை; கல்லில் பளபளப்பான தேய்வு தெரிந்தால் சட்டம் அசைகிறது. முதலாவதற்கு இடைவெளியைக் கூட்டுங்கள். இரண்டாவதற்குத் துணியை மாற்றி, சட்டத்தின் கால்களைச் சமன் செய்யுங்கள்.