'உரிய சான்றுகள்' என்றால் எவை?

வணக்கம். உதவித்தொகை அறிவிப்பு எழுதுகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள், அதனால் நேராக ஒரு வாக்கியத்துக்கே போய்விடுகிறேன். "பெற்றோர் பட்டதாரியாக இல்லாத, குடும்ப ஆண்டு வருமானம் வரம்புக்கு உட்பட்ட மாணவர்கள் உரிய சான்றுகளுடன் விண்ணப்பிக்கலாம்."

எழுதியவருக்கு இதில் குழப்பமே இல்லை. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லாத ஒரு பெண் இதைப் படிக்கிறாள் என்று வையுங்கள். அவளுடைய அப்பா பள்ளியோடு சரி, அம்மா கல்லூரியில் சேர்ந்து பாதியில் நின்றவர், அண்ணன் போன வருடம்தான் பட்டம் வாங்கினான். அண்ணன் படித்துவிட்டானே, அப்புறம் நான் எப்படி முதல் தலைமுறைப் பட்டதாரி ஆவேன் என்று நினைத்து விட்டுவிடுகிறாள். தகுதி இருந்தும் இப்படி விலகிப்போகிறவர்கள் நிராகரிப்புப் பட்டியலில் வருவதில்லை, அதனால் நமக்கு அது தெரியவும் தெரியாது.

சரி, இப்படி மாற்றலாம்: "உங்கள் அப்பா, அம்மா இருவருமே பட்டப்படிப்பை முடிக்காதவர்களாக இருக்க வேண்டும். சேர்ந்து பாதியில் நிறுத்தியிருந்தால் நீங்கள் விண்ணப்பிக்கலாம். அண்ணனோ அக்காவோ பட்டம் பெற்றிருந்தாலும் விண்ணப்பிக்கலாம்." இதைக் குழுவிடம் காட்டினால் உடனே சண்டை வரும். ஒருவர் அண்ணன் படித்திருந்தால் கூடாது என்பார், இன்னொருவர் டிப்ளமா பட்டமா என்பார், பாட்டி வளர்த்த பிள்ளைக்கு யாருடைய படிப்பைப் பார்ப்பது என்று மூன்றாமவர் கேட்பார். நல்லதுதான். விதியையே யாரும் முடிவு செய்யவில்லை, பழைய வாக்கியம் அதை மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான். முடிவு எதுவானாலும் அதை அறிவிப்பிலேயே எழுதுங்கள். வருமானத்துக்கும் இதே கதை: எந்தப் பன்னிரண்டு மாதம், அண்ணன் சம்பளம் சேருமா?

ஆவணங்கள் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஒருவர் பட்டம் வாங்கவில்லை என்பதற்கு எந்தக் கல்லூரியும் சான்று தராது. 'உரிய சான்று' என்று நாம் எழுதிவிட்டால், அந்த இல்லாத காகிதத்தைத் தேடி அவள் அலைய வேண்டும். பெற்றோர் கையெழுத்திட்ட உறுதிமொழி போதும் என்றால் அதைச் சொல்லி, படிவத்தையும் இணைத்துவிடுங்கள். ஒவ்வொரு நிபந்தனைக்கும் கீழேயே அதற்கான ஆவணம், அதை யார் தருவார்கள், எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது செல்லும், இன்னும் கைக்கு வரவில்லை என்றால் விண்ணப்பித்த ரசீதை வைக்கலாமா என்பதையெல்லாம் எழுதுங்கள். கடைசியில் தனிப்பட்டியலாகப் போட்டால் எது எதற்கு என்று தெரியாமல், தேவையில்லாததையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

எழுதி முடித்ததும் மாணவர்கள் சிலரிடம் கொடுத்துப் பாருங்கள். புரிந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். நான் சொன்ன பெண்ணின் குடும்பத்தைப் போல மூன்று குடும்பங்களை விவரித்து, யார் விண்ணப்பிக்கலாம், என்னென்ன காகிதம் எடுத்து வர வேண்டும் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். பதில் எங்கே மாறுகிறதோ அந்த வரியைத் திருத்த வேண்டும். அலுவலகத்தில் உள்ளவர்களை வைத்து இதைச் செய்து பயனில்லை, அவர்கள் அறிவிப்பைப் படிக்காமலேயே சரியான பதிலைச் சொல்லிவிடுவார்கள்.