காய்ச்சல் நாளில் 214 காட்டிய சர்க்கரை

வணக்கம் நேயர்களே. நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறேன். என் அத்தானுக்கு நேர்ந்த ஒன்றை அவருடைய அனுமதியுடன் இன்று உங்களிடம் சொல்கிறேன். அவருக்கு வயது 44. சர்க்கரை நோய் என்று அவரிடம் யாரும் இதுவரை சொன்னதில்லை. வலது காலில் தோல் சிவந்து வீங்கி, 103 டிகிரி காய்ச்சலுடன் அவரை மருத்துவமனையில் சேர்த்தபோது இரத்தச் சர்க்கரை 214 என்று வந்தது. அக்கா அழுதுகொண்டே கேட்டார்: "மூன்று நாளாகக் கஞ்சிகூடச் சரியாக இறங்கவில்லையே, சர்க்கரை எங்கிருந்து வந்தது?"

அந்தச் சர்க்கரை உணவிலிருந்து வரவில்லை, அவருடைய கல்லீரலிலிருந்து வந்தது. கடும் தொற்று ஏற்படும்போது உடல் கார்ட்டிசால், அட்ரினலின், குளுக்ககான் ஆகிய ஹார்மோன்களை மிகுதியாகச் சுரக்கிறது. இவை கல்லீரலில் சேமித்து வைத்த குளுக்கோஸை இரத்தத்தில் இறக்கிவிடச் செய்கின்றன. சேமிப்பு தீர்ந்த பிறகும், தசையிலிருந்து வரும் புரதக் கூறுகளைக் கொண்டு கல்லீரலைப் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்க வைக்கின்றன. அதே வேளையில், தொற்றை எதிர்க்கும் அணுக்கள் வெளியிடும் அழற்சிப் பொருள்கள் தசையில் இன்சுலினின் பேச்சு எடுபடாமல் செய்துவிடுகின்றன. வரத்து கூடுகிறது, செலவு குறைகிறது. அதனால் பட்டினி கிடப்பவருக்கும் அளவு ஏறுகிறது. பெரிய அறுவை சிகிச்சை, தீக்காயம், மாரடைப்பு ஆகியவற்றிலும் இதுவே நடக்கிறது.

வார்டில் எல்லோரும் "சர்க்கரை இருந்ததால்தான் காலில் இப்படி ஆகியிருக்கிறது" என்று முடிவுகட்டிவிட்டார்கள். அப்படி இருக்கவும் வாய்ப்புண்டு, ஏனெனில் கண்டுபிடிக்கப்படாத நீரிழிவே இத்தகைய தொற்றுக்கு வழிவிடுவதுண்டு. எது முதலில் வந்தது என்பதை 214 என்ற ஓர் எண் சொல்லாது. அதற்கு எச்பிஏ1சி பரிசோதனை வேண்டும். ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இந்த அளவை மூன்று நாள் காய்ச்சல் பெரிதாக அசைக்க முடியாது. அது 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், நோய் முன்பே இருந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அத்தானுக்கு 5.5 வந்தது. அவருடைய ஹீமோகுளோபின் 14 என்பதையும் நான் உடனே பார்த்தேன், ஏனெனில் இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சியை உயர்த்திக் காட்டக்கூடும். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலும் அந்த அளவை நம்ப முடியாது.

இடையில் ஒரு குழப்பம் நேர்ந்தது. அன்று மாலை வந்த மாதிரியில் சர்க்கரை 388. நம் ஊரில் எந்த டிரிப்ஸ் போட்டாலும் "குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள்" என்றுதான் சொல்வோம். அவருக்கு ஏறிக்கொண்டிருந்தது உண்மையிலேயே குளுக்கோஸ்தான், 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். அந்தக் கையிலேயே இரத்தம் எடுத்திருந்தார்கள். அந்த நீரில் 100 மில்லிலிட்டருக்கு 5000 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது. நூறு துளி மாதிரியில் அதில் இரண்டு துளி கலந்தாலே சர்க்கரை ஏறத்தாழ 100 கூடிவிடும். மறு கையில் எடுக்கச் சொன்னேன், 206 வந்தது. இனிப்பான இருமல் மருந்து, மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு, பழம் தொட்ட விரலைக் கழுவாமல் குளுக்கோமீட்டரில் குத்துவது ஆகியவையும் இப்படிக் குழப்பும்.

காய்ச்சலால் வந்த சர்க்கரைதானே என்று அதை அப்படியே விடவும் கூடாது. அளவு 180 அளவைத் தாண்டும்போது சர்க்கரை சிறுநீரில் வெளியேறத் தொடங்கி, கூடவே நீரையும் இழுத்துச் செல்கிறது. காய்ச்சலில் ஏற்கெனவே வறண்ட உடல் இன்னும் வறளும். அதனால் அத்தானுக்கு டெக்ஸ்ட்ரோஸை மாற்றிச் சாதாரண உப்பு நீர் ஏற்றினார்கள், ஆன்டிபயாட்டிக்குடன் இரண்டு நாள் சிறிதளவு இன்சுலினும் கொடுத்தார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. சர்க்கரை 130க்கு இறங்கியது. மாத்திரை எதுவும் இல்லாமல் வீடு திரும்பினார். ஆனால் காய்ச்சலுக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே ஒருவர் அடிக்கடி சிறுநீர் கழித்து, தாகம் தணியாமல், எடை குறைந்து வந்திருந்தால் கதை வேறு. குழந்தைகளிடம் இவற்றோடு வாந்தியும் வேகமான மூச்சும் சேர்ந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள், காய்ச்சல் அடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நலமான பின் மறுபரிசோதனை செய்வதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எட்டு வாரம் கழித்து அத்தானை நானே வெறும் வயிற்றில் அழைத்துவந்தேன். வெறும் வயிற்றில் 104, குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 138. இரண்டாவது அளவு இயல்பானது. முதலாவது, 100 முதல் 125 வரையிலான நீரிழிவுக்கு முந்தைய நிலைக்குள் வருகிறது. அவருக்கு நீரிழிவு இல்லை, ஆனால் அவருடைய இன்சுலினுக்குத் தாங்கும் சக்தி குறைவு என்பதை அந்தக் காய்ச்சல் முன்கூட்டியே காட்டிவிட்டது. ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அக்கா அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்துவைத்திருக்கிறார்.