போனேன், போவேன்: மூளை தவறவிடும் ஒரு துண்டு

வணக்கம். பெங்களூரில் பக்கவாதம் வந்து பேச்சு பாதித்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். அல்சூரிலிருந்து வரும் தமிழர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மூளையின் இடப்பக்க முன்பகுதியில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, அவருக்கு அஃபேசியா என்னும் மொழிக் குறைபாடு வந்துவிட்டது. பேர்ச்சொற்களெல்லாம் வருகின்றன, வாக்கியம்தான் கூடுவதில்லை. இந்த வகைக்கு அக்ராமட்டிசம் என்று பெயர்.

"நேத்து எங்க போனீங்க?" என்று கேட்டேன். "நேத்து... மார்க்கெட்... நான்... போவேன்" என்றார். கன்னடத்தில் கேட்டாலும் இதே கதைதான். 'ஹோதே' வர வேண்டிய இடத்தில் "ஹோக்தீனி" என்கிறார்.

பள்ளிக்கூடத்தில் படித்த பகுபத இலக்கணத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 'போனேன்' என்பதில் 'போ' பகுதி, 'ன்' காலம் காட்டும் இடைநிலை, 'ஏன்' விகுதி. அவரிடம் பகுதி சரியாக இருக்கிறது. 'நான்' என்றதற்கு ஏற்ற 'ஏன்' விகுதியும் தப்பாமல் வருகிறது. நடுவில் இருக்கும் இடைநிலைதான் மாறிப்போகிறது.

நாள் கணக்கே மறந்துவிட்டதோ என்று வீட்டில் பயந்தார்கள். காலண்டரைக் காட்டினேன், மார்க்கெட் போன நாளில் சரியாக விரலை வைத்தார். பிறகு நானே, "நேத்து நான் போவேன்" என்று சொல்லிக் காட்டினேன். உடனே தலையை ஆட்டி மறுத்தார். தப்பு அவருக்குத் தெரிகிறது. இப்படிப்பட்ட நோயாளிகள் தாங்களே சொல்ல முடியாத வாக்கியங்களில்கூடச் சரி, தப்பைப் பெரும்பாலும் பிரித்துச் சொல்கிறார்கள் என்பதை லைன்பார்கர், ஷ்வார்ட்ஸ், சஃப்ரன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1983இல் காட்டினார்கள். ஆக இலக்கண அறிவு அழிந்துவிடவில்லை. பேசும் அந்த நொடியில் அதை எடுத்துக் கோக்கும் வேலைதான் தடுமாறுகிறது.

காலம் மட்டும் ஏன் நழுவ வேண்டும்? ஹீப்ரு பேசும் ஒருவரிடம் இதே பிளவைப் பார்த்த ஃப்ரீட்மனும் கிராட்ஸின்ஸ்கியும் 1997இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். வாக்கியத்தை மூளை மரம்போல் கீழிருந்து மேலாகக் கட்டுகிறது. எழுவாயோடு பொருந்தும் விகுதிக்கான கிளை கீழே, காலத்துக்கான கிளை அதற்கு மேலே. மேல் கிளை ஒடிந்தாலும் கீழ்க்கிளை நிற்கும். எனக்குப் பிடித்த விளக்கம் இது. ஆனால் வேறு மொழிகளில் விகுதியும் சேர்ந்து சிதைந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் ரூலீன் பாஸ்டியான்சே போன்ற ஆய்வாளர்கள் வேறு காரணம் காட்டுகிறார்கள்: பேசும் நேரத்தை விட்டு விலகி, முன்பு நடந்ததைச் சுட்டும் வினைதான் மூளைக்கு அதிகச் சுமை. இவரும் 'நாளைக்கு' என்று கேட்டால் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார், 'நேத்து'தான் சறுக்குகிறது. ஒருவரை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனாலும் இவருக்குப் பயிற்சியை எங்கே தொடங்குவது என்பது இதில் தெரிந்துவிட்டது. பொருள்களின் படத்தைக் காட்டிப் பேர் சொல்ல வைப்பதைக் குறைத்துவிட்டு, 'நேத்து போனேன், நாளைக்குப் போவேன்' என்று ஜோடி ஜோடியாகச் சொல்ல வைக்கிறோம். வீட்டிலும் அன்றாடம் நடந்ததைக் கேட்டுவிட்டு, அவர் வினையை முடிக்கும்வரை யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.