முதல் மணி நேரம் தாண்டியது, இரண்டாவதில் கவிழ்ந்தது

வணக்கம் மக்களே. பின்னால் ஃபேன் கத்துகிறது, தெரியும். மதுரை வெயிலில் அதை நிறுத்தச் சொல்லி கமெண்ட் போடாதீர்கள். இன்றைக்கு நான் செம கடுப்பில் இருக்கிறேன். கடுப்பு முழுக்க என் மேல்தான்.

நம் யூடியூப் சேனலில் பரிசீலனைக்காக நிறுத்திவைத்த கமெண்ட்களை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து வர ஒரு ஸ்கிரிப்ட் எழுதினோமே, அதுதான் விஷயம். ஏபிஐ கீ மட்டும் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. அந்த கமெண்ட்கள் எல்லாருக்கும் தெரியாது, எடுக்கச் சேனல்காரரின் அனுமதி வேண்டும், அதனால் லாகின் செய்து அனுமதி தரும் ஓஆத் வழியாகத்தான் போக வேண்டும். அதில் கிடைக்கும் ஆக்சஸ் டோக்கன் ஒரு மணி நேரம்தான் செல்லும். அப்புறம் அனுமதி செல்லாது என்று 401 பிழை வரும்.

ஒருவர் ஸ்கிரிப்டை 55 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓட்டச் சொன்னார். எனக்கு இந்த மாதிரி ஒட்டுப்போடும் வேலை சுத்தமாகப் பிடிக்காது. ரெஃப்ரெஷ் டோக்கன் கையில் இருக்கிறது, அதைக் கொடுத்துப் புது ஆக்சஸ் டோக்கன் வாங்கினால் முடிந்தது. காலாவதி நேரத்துக்கு 60 வினாடி முன்பே வாங்கும்படி எழுதினேன்.

நேற்று சாயங்காலம் 7:00 மணிக்கு ஓட விட்டேன். 7:59-க்குப் புது டோக்கன் வந்தது. திரையில் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் எழுந்து நின்று கைதட்டினேன். சட்டையை மாட்டிக்கொண்டு பன் பரோட்டா வாங்கக் கிளம்பிவிட்டேன். கடையில் சால்னாவுக்குத் தனிப்பை தர 5 ரூபாய் கேட்டார்கள். சால்னாவுக்குக் காசு இல்லையாம், பைக்குத்தானாம்! பை இல்லாமல் சால்னாவை உள்ளங்கையிலா ஏந்தி வருவது? சரி, விடுங்கள்.

திரும்பி வந்து பார்த்தால் 8:58-க்கே ஸ்கிரிப்ட் நின்றிருந்தது. கடைசி வரி இது:

```
KeyError: 'refresh_token'
```

முதல் முறை வேலை செய்த அதே கோடு இரண்டாம் முறை எப்படிக் கவிழும்? பரோட்டா ஆறிப்போகும் வரை பார்த்தேன். குற்றவாளி இந்த வரி:

```python
tok = r.json()
```

முதலில் லாகின் செய்தபோது வந்த பதிலில் இரண்டு டோக்கனும் இருந்தன. புதுப்பிக்கும்போது வரும் பதிலில் புது ஆக்சஸ் டோக்கன் மட்டும்தான். ரெஃப்ரெஷ் டோக்கன் பழையதே செல்லும் என்பதால் அதைத் திரும்ப அனுப்புவதில்லை. நான் பழைய பெட்டியை அப்படியே தூக்கிப்போட்டுப் புதியதை வைத்துவிட்டேன், சாவி பழைய பெட்டிக்குள். இப்படி மாற்றினேன்:

```python
tok.update(r.json())
tok["expires_at"] = time.time() + tok["expires_in"]
```

வந்தது மட்டும் மாறும், வராதது இருந்தபடி இருக்கும். ஒவ்வொரு முறையும் ரெஃப்ரெஷ் டோக்கனையே மாற்றித் தரும் சேவைகளும் உண்டு. அங்கேயும் இதே வரி புதியதை எடுத்துக்கொள்ளும். மாறியதை உடனே ஃபைலில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் செல்லாத டோக்கனோடு நிற்பீர்கள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். டோக்கனை நான் ஃபைலிலும் சேமிக்கிறேன் இல்லையா, 7:59-க்கு ஃபைலில் இருந்த ரெஃப்ரெஷ் டோக்கனும் போய்விட்டது. சரி, மறுபடி லாகின் செய்தேன். இந்த முறை ரெஃப்ரெஷ் டோக்கன் வரவே இல்லை! ஏற்கெனவே அனுமதி கொடுத்த கணக்கு என்றால் அதை மறுபடி தருவதில்லை. லாகின் முகவரியில் `access_type=offline` இருந்தது, கூடவே `prompt=consent` சேர்த்தேன். அனுமதித் திரை மறுபடி வந்தது, டோக்கனும் வந்தது. இதற்கே முக்கால் மணி நேரம் போனது.

இனி சோதிக்க இரண்டு மணி நேரம் காத்திருக்கப் போவதில்லை. தொடங்கியதுமே இப்படி:

```python
refresh()
refresh()
```

ஒரு முறை கூப்பிட்டால் என் பிழை தெரியாது, இரண்டாவதில்தான் தெரியும். நேற்று ராத்திரி இதைச் செய்திருந்தால் பரோட்டாவைச் சூடாகத் தின்றிருப்பேன்.

அப்புறம், நேரக்கணக்கு பிசகி நடுவில் 401 வந்தால் ஒரே ஒரு முறை புதுப்பித்து, அதே கோரிக்கையை மறுபடி அனுப்புகிறேன். அதற்கும் 401 வந்தால் நிறுத்திவிடும். முடிவில்லாமல் தட்டிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டைக் கண்டாலே எனக்கு ஆகாது.

புதுப்பிக்கும்போதே `invalid_grant` வந்தால் கதை வேறு. ரெஃப்ரெஷ் டோக்கனே செல்லாது என்று அர்த்தம், மறுபடி லாகின்தான். கூகுள் ப்ராஜெக்ட் `Testing` நிலையில் இருந்தால் இந்த மாதிரி ரெஃப்ரெஷ் டோக்கனுக்கு 7 நாள்தான் ஆயுள். என்னுடையது இன்னும் அந்த நிலையில்தான் இருக்கிறது. நேற்று வாங்கிய டோக்கன், அடுத்த வாரம் இதே நாளுக்குள் போய்விடும். அதற்குள் மாற்றிவிடுகிறேன். ஸ்கிரிப்ட் இப்போது பின்னால் ஓடுகிறது, பதினொன்றாவது முறை புதுப்பித்துவிட்டது.