ஒரு கண் மூடியிருந்தால் மூளையில் என்ன நடக்கும்?

அனைவருக்கும் வணக்கம்.

குழந்தையின் மூளையில் நரம்பு இணைப்புகள் முதலில் தேவைக்கு மேல் பெருகும், பிறகு குறையும். பீட்டர் ஹட்டன்லோச்சர் என்ற நரம்பியல் மருத்துவர் இறந்துபோனவர்களின் மூளைத் துண்டுகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, இந்த இணைப்புகளைப் பொறுமையாக எண்ணிப் பார்த்தார். பார்வைக்கான பகுதியில் ஏறக்குறைய எட்டு மாத வயதில் எண்ணிக்கை உச்சத்துக்குப் போகிறது. பதினோரு வயதுக்குள் அதில் நாற்பது சதவீதம் போய்விடுகிறது. இதைத்தான் 'கத்தரித்தல்' என்கிறார்கள். கவாத்து செய்வதுபோல என்று நானே பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் கவாத்து என்றால் எந்தக் கிளையை வெட்டுவது என்று பார்த்து வெட்ட ஒரு ஆள் வேண்டும். மூளையில் அப்படி யாரும் இல்லை. பின்னே, எது தங்கும், எது போகும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

இதற்கு ஒரு துப்பு டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு மூளை ஆய்வாளர்களிடம் கிடைக்கிறது. 1963இல் வெளியான ஆய்வில், பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடி, இரண்டு மூன்று மாதம் கழித்துத் திறந்தார்கள். கண்ணில் கோளாறு இல்லை, விழித்திரை வேலை செய்தது. ஆனால் நல்ல கண்ணை மறைத்துவிட்டு நடக்கவிட்டால், அந்தக் குட்டி பொருள்களில் முட்டிக்கொண்டது. மேசையில் விட்டால் விளிம்பைத் தாண்டிக் காற்றில் கால் வைத்து, கீழே போட்டிருந்த மெத்தையில் விழுந்தது.

மூளையின் பார்வைப் பகுதியான பார்வைப் புறணியில் நுண்ணிய மின்முனையைச் செருகி ஒவ்வொரு செல்லாகக் கேட்டார்கள். சாதாரணப் பூனையில் ஐந்தில் நான்கு செல்கள் இரண்டு கண்களுக்குமே பதில் சொல்லும். இந்தக் குட்டிகளில் பார்த்த 84 செல்களில் ஒன்றே ஒன்றுதான் மூடியிருந்த கண்ணுக்குப் பதில் சொன்னது. இதையே வளர்ந்த பூனைக்குச் செய்தால், மாதக்கணக்கில் மூடி வைத்தாலும் ஒன்றும் ஆகாது. குட்டிக்கோ நான்காவது, ஐந்தாவது வாரத்தில் சில நாள் மூடினாலே போதும். இந்தக் குறுகிய காலத்தைத்தான் நெருக்கடிப் பருவம் என்கிறோம்.

சரி, "பயன்படாதது அழிகிறது, அவ்வளவுதானே" என்று தோன்றும். அவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அதனால் அடுத்து இரண்டு கண்களையும் மூடிப் பார்த்தார்கள். அந்தக் கணக்குப்படி எல்லா இணைப்பும் போயிருக்க வேண்டும். போகவில்லை! பாதிப்பு இருந்தது உண்மை. ஆனாலும் ஒற்றைக் கண்ணை மூடிய குட்டிகளைவிட எத்தனையோ செல்கள் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடித்த இடம் இதுதான். வெறுமனே சும்மா இருந்ததால் அந்தக் கண் தோற்கவில்லை. பக்கத்துக் கண் சும்மா இல்லாததால்தான் தோற்றது. ஒரே செல்லில் இடம் பிடிக்க இரண்டு கண்களின் நரம்பு நுனிகளும் போட்டி போடுகின்றன. தெளிவான படத்தால் சேர்ந்து துடிக்கும் நுனிகள் செல்லைத் தூண்டிப் பலப்படுகின்றன, மற்றவை பலவீனமாகிப் பின்வாங்குகின்றன. அப்புறம் துப்புரவு. மைக்ரோக்ளியா என்னும் செல்கள் வந்து பலவீனமான இணைப்புகளை விழுங்குகின்றன.

இந்தப் போட்டியைக் குழந்தை மருத்துவத்தில் கண்கூடாகப் பார்க்கலாம். பிறவியிலேயே கண்புரையோடு பிறக்கும் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணிலும் அடர்ந்த புரை இருந்தால் சுமார் எட்டு முதல் பத்து வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யப் பார்ப்பார்கள். ஒரே கண்ணில் இருந்தால்? பாதிச் சுமைதானே, காத்திருக்கலாம் என்று நினைப்போம். உண்மையில் அங்கேதான் அவசரம் கூடுதல், ஆறு வாரத்துக்குள் செய்வது நல்லது. மறுபக்கம் ஒரு நல்ல கண் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

புரையை எடுத்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. லென்ஸோ கண்ணாடியோ போட்டு, நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் மூட வேண்டும். எட்டு மாதம் வரை, எத்தனை மாதக் குழந்தையோ தினமும் அத்தனை மணி நேரம் மூடுவது, அதன்பின் விழித்திருக்கும் நேரத்தில் பாதி என்பது ஒரு பெரிய ஆய்வில் பின்பற்றிய கணக்கு. மூன்று மாதக் குழந்தைக்கு மூன்று மணி நேரம். குழந்தை பிய்த்து எறியும், அழும். நன்றாகத் தெரியும் கண்ணை மறைத்தால் வேறென்ன செய்யும்? அந்த அழுகையே ஒரு தடயமும்கூட. ஒரு கண்ணை மறைத்தால் பேசாமல் இருக்கும் குழந்தை, மற்றதை மறைத்ததும் கையைத் தள்ளிவிட்டால் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது அது ஓடியாடி விளையாடும், யாருக்கும் சந்தேகமே வராது.

ஒட்டுத்துணியை அளவுக்கு மீறிப் போட்டாலும் ஆபத்து. அதே போட்டி திரும்பி, நல்ல கண் பின்தங்கலாம். அதனால்தான் ஒவ்வொரு முறை வரும்போதும் மருத்துவர் இரண்டு கண்களையும் சோதிக்கிறார்.

நெருக்கடிப் பருவம் முடிவதும் கதவைச் சாத்தியதுபோலச் சட்டென்று நடப்பதில்லை. இப்படிப் போட்டியில் பின்தங்கிய கண்ணைச் சோம்பல் கண் என்கிறோம். அதற்கு ஏழு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். அதுவரை சிகிச்சையே பெறாத பதின்வயதினர் சிலருக்கும் ஓரளவு பார்வை தேறியிருக்கிறது. பார்வைப் பகுதிக்குச் சொன்ன இந்தக் கணக்கை மூளை முழுவதற்கும் நீட்டி, "மூன்று வயதோடு எல்லாம் முடிந்தது" என்று பெற்றோரைப் பயமுறுத்தி, குழந்தைக்குக் காட்டும் பயிற்சி அட்டைகள் விற்பவர்களும் இருக்கிறார்கள். நெற்றிப் பக்கத்து மூளையில் இதே கத்தரித்தல் பதின்வயது தாண்டியும் நடந்துகொண்டிருக்கிறது.