எட்டு வாடகை வீடு, மூணு அளவுகோல்: மிஞ்சப்படாததை மட்டும் வச்சுக்கிறது எப்படி?

[திரையில்: எட்டு வரி உள்ள ஒரு அட்டவணை. ஊர், மாத வாடகை, ஆபீஸுக்கு ஒரு பக்கப் பயண நேரம், சதுர அடி.]

தரமணியில வேலை. வாடகைக்கு வீடு தேடுறீங்க. எட்டு வீடு பார்த்தாச்சு. எண்களெல்லாம் மாதிரிக்கு நாங்க போட்டதுதான், ஆனா கணக்கு நிஜம்.

தாம்பரம்: 12,000 ரூபாய், 65 நிமிஷம், 700 சதுர அடி.
மேடவாக்கம்: 14,000, 55 நிமிஷம், 850.
சேலையூர்: 15,000, 60 நிமிஷம், 900.
பள்ளிக்கரணை: 16,000, 35 நிமிஷம், 800.
மடிப்பாக்கம்: 18,000, 35 நிமிஷம், 800.
வேளச்சேரி: 22,000, 20 நிமிஷம், 750.
பெருங்குடி: 23,000, 25 நிமிஷம், 700.
அடையாறு: 28,000, 15 நிமிஷம், 650.

இதை ஒன்னு, ரெண்டு, மூணுன்னு வரிசைப்படுத்தச் சொன்னா முடியாது. வாடகைப்படி தாம்பரம் முதல், நேரப்படி அடையாறு முதல், இடத்துக்குச் சேலையூர் முதல். ஆனா வரிசை கிடைக்கலைன்னாலும், சில வீட்டை யோசிக்காமலே தூக்கிடலாம்.

[திரையில்: வேளச்சேரி வரியும் பெருங்குடி வரியும் மட்டும் பெரிசாகுது.]

இந்த ரெண்டையும் பாருங்க. பெருங்குடி வீடு வேளச்சேரியை விட 1,000 ரூபாய் அதிகம், 5 நிமிஷம் அதிகம், 50 சதுர அடி குறைவு. மூணுலயும் தோத்துப் போச்சு. உங்களுக்குப் பணம் முக்கியமா நேரம் முக்கியமான்னு கேட்கவே வேண்டாம், இந்த மூணு அளவுகோலை நம்புற யாரும் பெருங்குடியை எடுக்க மாட்டாங்க. வேளச்சேரி பெருங்குடியை மிஞ்சிடுதுன்னு சொல்லுவோம்.

இப்ப மடிப்பாக்கம். பள்ளிக்கரணையோட ஒப்பிட்டா நேரம் சமம், இடம் சமம், வாடகை மட்டும் 2,000 கூட. எல்லாத்துலயும் தோத்தாத்தான் தூக்கணும்னு விதி வச்சா, இது தப்பிச்சுடும். அதனால விதியைச் சரியாச் சொல்லணும்: மிஞ்சுற வீடு எந்த அளவுகோல்லயும் மோசமா இருக்கக் கூடாது, ஒன்னுலயாவது நல்லா இருக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் "மிஞ்சுறது". ரெண்டாவது பாதியை விட்டுட்டா இன்னொரு வம்பு வரும். எல்லா எண்ணும் ஒன்னா இருக்கிற ரெண்டு வீடு ஒன்னை ஒன்னு மிஞ்சி, ரெண்டுமே பட்டியல்ல இருந்து காணாமப் போயிடும்.

இப்படி யாராலயும் மிஞ்சப்படாம நிக்கிற கூட்டத்துக்குப் பரேட்டோ முனைன்னு பேரு. இத்தாலியப் பொருளாதார அறிஞர் வில்ஃபிரெடோ பரேட்டோவோட பேர்ல வந்தது. டேட்டாபேஸ்காரங்க இதையே ஸ்கைலைன்னு சொல்லுவாங்க. 2001-ல வந்த அவங்க ஆய்வுக் கட்டுரையில உதாரணம் கடற்கரைக்குப் பக்கத்துல, விலை மலிவா ஒரு ஹோட்டல். நம்ம வீட்டுப் பிரச்சினைதான், கொஞ்சம் வசதியான ஆளுங்களுக்கு.

[திரையில்: வாடகை குறுக்கே, நேரம் மேலே. எட்டு புள்ளிகள்.]

முதல்ல வாடகை, நேரம் ரெண்டை மட்டும் எடுத்துக் கையால செஞ்சு பார்ப்போம். வாடகை குறைஞ்சதுல இருந்து அடுக்குங்க. வாடகை சமமா இருந்தா நேரம் குறைஞ்சது முன்னாடி வரணும். அப்புறம் மேல இருந்து கீழ ஒரே நடை. இதுவரைக்கும் பார்த்ததுல குறைஞ்ச நேரம் எதுவோ, அதை மட்டும் நினைவுல வச்சா போதும். வர்ற வீடு அதை விடக் குறைச்சா நிக்கும், குறைக்கலைன்னா வெளிய.

தாம்பரம் 65, நிக்குது. மேடவாக்கம் 55, நிக்குது. சேலையூர் 60. கையில இருக்கிறது 55, அதனால வெளிய. பள்ளிக்கரணை 35, நிக்குது. மடிப்பாக்கமும் 35, குறையலை, வெளிய. வேளச்சேரி 20, நிக்குது. பெருங்குடி 25, வெளிய. அடையாறு 15, நிக்குது. அஞ்சு மிச்சம்.

ஒரே வாடகை, ஒரே நேரம்னு அச்சடிச்ச மாதிரி ரெண்டு வீடு இருந்தா, இந்த நடை ரெண்டாவதைத் தள்ளிவிடும். அதை யாரும் மிஞ்சலை, ஆனாலும் போயிடும். அப்படி ஜோடி இருக்கான்னு முன்னாடியே பார்த்துக்கங்க.

[திரையில்: சதுர அடி பத்தி மறுபடியும் வருது. சேலையூர் புள்ளி மீண்டும் எரியுது.]

மூணாவது அளவுகோலைச் சேர்த்தா சேலையூர் திரும்பி வந்துடுது. 900 சதுர அடியை யாராலயும் தொட முடியலை. மடிப்பாக்கமும் பெருங்குடியும் வெளியவே இருக்கு. இப்ப ஆறு வீடு.

மூணு அளவுகோல்னா மேல இருந்து கீழ ஒரே நடை உதவாது. ஒவ்வொன்னையும் மத்த எல்லாத்தோடயும் ஒப்பிடணும். எக்செல்ல ஊர் A பத்தியில, வாடகை B, நேரம் C, சதுர அடி D-ல, ரெண்டாவது வரியில இருந்து ஒன்பதாவது வரி வரைக்கும் இருந்தா, E2-ல இதைப் போட்டுக் கீழ இழுங்க:

```
=COUNTIFS(B$2:B$9,"<="&B2,C$2:C$9,"<="&C2,D$2:D$9,">="&D2)-COUNTIFS(B$2:B$9,B2,C$2:C$9,C2,D$2:D$9,D2)
```

முதல் பாதி, இந்த வீட்டுக்குச் சமமாவோ மேலாவோ இருக்கிற வீடுகளை எண்ணுது. அதுல இந்த வீடும் சேர்ந்துடும், அச்சடிச்ச ஜோடி இருந்தா அதுவும் சேரும். ரெண்டாவது பாதி அந்தச் சமமானதைக் கழிச்சிடுது. விடை 0-ன்னா வீடு நிக்கும். 1-ன்னா அதை மிஞ்சுற வீடு ஒன்னு இருக்கு.

தப்பு வர்ற இடம் ரெண்டு. ஒன்னு, திசை. வாடகைக்கும் நேரத்துக்கும் `<=`, இடத்துக்கு `>=`. இதை மாத்திப் போட்டா, சின்ன வீடு நல்ல வீடுன்னு ஆகி, முதல் ஆளா சேலையூர் வெளியேறும். இன்னொன்னு, யாராவது கட்டத்துல "16,000 ரூ" ன்னு எழுத்தோட அடிச்சிருந்தா, அது எண்ணா எடுத்துக்கப்படாது, எந்த வீடும் அதை மிஞ்சாது, சும்மா 0 காட்டும். பட்டியல்லயே மோசமான வீடு நிக்குதுன்னா முதல்ல இதைத்தான் சந்தேகப்படணும்.

[திரையில்: தாம்பரம், மேடவாக்கம், பள்ளிக்கரணை மூணு புள்ளி மட்டும். தாம்பரத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவுல நேர்கோடு. மேடவாக்கம் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே.]

"எதுக்கு இவ்வளவு? ஒவ்வொன்னுக்கும் மார்க் போட்டுக் கூட்டிடலாமே"ன்னு கேட்பீங்க. பயணத்துல ஒரு நிமிஷம் மாசத்துக்கு இத்தனை ரூபாய்னு ஒரு விலை வச்சு, வாடகையோட கூட்டி, குறைஞ்ச மொத்தம் எதுவோ அதை எடுக்கிறது. நல்ல வழி மாதிரிதான் தெரியும். மேடவாக்கத்தை வச்சுச் சோதிப்போம்.

தாம்பரத்தை மேடவாக்கம் ஜெயிக்க, 2,000 ரூபாய் கூடக் கொடுத்து 10 நிமிஷம் மிச்சமாகுது. அதனால நிமிஷத்துக்கு 200 ரூபாய்க்கு மேல விலை வைக்கணும். பள்ளிக்கரணையை ஜெயிக்க, 2,000 ரூபாய் மிச்சம் பண்ணி 20 நிமிஷம் கூட உட்காரணும். அதனால நிமிஷத்தோட விலை 100-க்குக் கீழ இருக்கணும். 200-க்கு மேலயும் 100-க்குக் கீழயும் ஒரே நேரத்துல இருக்கிற எண் கிடையாது. வாடகை, நேரம் ரெண்டை மட்டும் கூட்டினா, எந்த விலை வச்சாலும் மேடவாக்கம் முதலிடத்துக்கு வராது.

ஆனா அதை எந்த வீடும் மிஞ்சலை. வாடகைக்கு 15,000-தான் வரம்புன்னு இருக்கிறவருக்கு, வேகமாப் போய்ச் சேர மேடவாக்கம்தான் சரியான வீடு. கூட்டல் முறை அதைக் காட்டவே காட்டாது, காட்டலைன்னும் சொல்லாது. அதனால முதல்ல மிஞ்சப்பட்டதைத் தூக்குங்க. அப்புறம் ஒரு அளவுகோலுக்கு வரம்பு கட்டி, இன்னொன்னுல சிறந்ததைத் தேடுங்க. வரம்பை 15,000, 17,000, 22,000-ன்னு நகர்த்திப் பார்த்தா மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரின்னு ஒவ்வொன்னா வெளிய வரும்.

பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு நடுவுல என்ன விலை கொடுக்கிறோம்னும் பாருங்க. பள்ளிக்கரணையில இருந்து வேளச்சேரிக்கு மாற 6,000 ரூபாய், போக வர ஒரு நாளைக்கு 30 நிமிஷம் மிச்சம். மாசம் 22 வேலை நாள்னா 11 மணி நேரம், மணிக்குச் சுமார் 545 ரூபாய். வேளச்சேரியில இருந்து அடையாறுக்கும் அதே 6,000-தான். ஆனா மிச்சமாகிறது நாளைக்கு 10 நிமிஷம், மாசத்துக்கு 3 மணி 40 நிமிஷம். மணிக்கு 1,600-க்கு மேல போகுது. இதுக்கு மேல முடிவு உங்களோடது, கணக்கோடது இல்லை.

[திரையில்: 1,000 புள்ளிகள் சிதறிக் கிடக்குது. ஒரு கவுண்டர் 7, 29, 157 என்று மாறுது.]

அளவுகோலைச் சேர்த்துக்கிட்டே போற ஆசையைக் கொஞ்சம் அடக்கணும். ஏற்கெனவே நிக்கிற வீடு, புது அளவுகோலால வெளியேறாது. பழைய அளவுகோல் எல்லாத்துலயும் அச்சடிச்ச ஜோடி இருந்தா மட்டும்தான் விதிவிலக்கு. பொதுவாப் பட்டியல் வீங்கத்தான் செய்யும். ஒன்னுக்கொன்னு சம்பந்தமில்லாத எண்கள் உள்ள 1,000 வீட்டை எடுத்தா, ரெண்டு அளவுகோல்ல சராசரியா 7, 8 வீடு நிக்கும். மூணுல சுமார் 29. அஞ்சுல சுமார் 157. அடுத்து மாடி எண், தண்ணி, பார்க்கிங்னு போட்டா, நிறைய வீடு ஏதோ ஒன்னுல நல்லா இருக்குன்னு நின்னுடும். அட்வான்ஸ் மாதிரி, ஒரு எல்லைக்குள்ள இருந்தா போதும்ங்கிற விஷயங்களை அளவுகோலாக்க வேண்டாம். 1,00,000-க்கு மேல அட்வான்ஸ்னா வேண்டாம்னு முதல்லயே வடிகட்டிடுங்க.

இன்னொன்னு, அற்ப வித்தியாசம். 16,000-க்கும் 15,950-க்கும் 50 ரூபாய் வித்தியாசத்துல ஒரு வீடு உயிர் பிழைக்கக் கூடாது. நேரத்தை 5 நிமிஷத்துக்கு, வாடகையை 500 ரூபாய்க்கு முழுசாக்கிட்டு அப்புறம் ஒப்பிடுங்க. முழுசாக்காம, ஒப்பிடும்போது மட்டும் "500-க்குள்ள இருந்தா சமம்"னு விட்டுக்கொடுத்தா ஒரு பொறி இருக்கு. முதல் வீடு வாடகையில ரெண்டாவதை மிஞ்சும், ரெண்டாவது நேரத்துல மூணாவதை மிஞ்சும், மூணாவது இடத்துல முதலாவதை மிஞ்சும். மத்ததெல்லாம் "சமம்" ஆகிடும். வட்டமா ஒன்னை ஒன்னு தூக்கி, மூணும் காலி. முழுசாக்கின எண்ல இப்படி நடக்காது.

[திரையில்: அட்டவணையில புதுப் பத்தி: "மிஞ்சினது யார்?" பெருங்குடிக்கு எதிரே வேளச்சேரி, மடிப்பாக்கத்துக்கு எதிரே பள்ளிக்கரணை.]

தூக்கின வீட்டை அழிச்சுடாதீங்க. எந்த வீடு அதை மிஞ்சினதுன்னு பக்கத்துல ஒரு பத்தியில எழுதி வையுங்க. சாயங்காலம் புரோக்கர் போன் பண்ணி, "பள்ளிக்கரணை வீட்டுக்கு வேற ஆளு அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க சார்" னு சொல்லுவார். அந்த வரியை எடுத்ததும், மடிப்பாக்கத்தை மிஞ்சுறதுக்கு ஆள் இல்லை. காலையில தூக்கிப் போட்ட 18,000 ரூபாய் வீடு இப்ப பட்டியல்ல நிக்குது.